ஈரம் வந்த வழி

தனசேகரன் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும், உள்ளே அடைபட்டுக் கிடந்த நாற்றம் அவரை உரசிக்கொண்டு வெளியே வந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த திலகவதிக்குத் தெரிந்தது. சட்டென்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, எப்ப வந்தீங்க? அண்ணி எப்பிடி இருக்காங்க?"

"இப்பதான்மா வந்துகினு இருக்கேன். அவ தேவல. பொண்ணு வீட்ல அம்பத்தூர்ல இருக்கா. வர்ற வெள்ளிக்கிழம கூட்டினு வந்துடலாம்னு, வீட்டச் சுத்தம் பண்ண நான் முன்னால வந்தேன்." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாகச் சொன்னார்: "பரவால்ல. தூசிதான். மத்தபடி நல்லாதான் இருக்கு."

திலகவதி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்த அந்த வருஷத்தில் தனசேகரனுக்கு மூக்கு செத்துப்போனது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்த மாதிரி அவருக்கு வரவேயில்லை. சாதம் அடிபிடித்தாலும் தெரியாது, மல்லிகைப் பூவை முகத்தருகே வைத்தாலும் தெரியாது.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு பயங்கரமா நாறுது."

அவர் அப்படியே நின்றுவிட்டார். அவமானம் எதுவும் இல்லை அந்த முகத்தில், பயம்தான் இருந்தது. மனைவி சுபலட்சுமிக்கு ஆடி மாதம் நிமோனியா வந்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலேயே பல வாரம். அதன்பிறகு மகள் வீடு. இப்போது தை பிறந்துவிட்டது. மழைக்காலம் முழுக்க இந்த வீடு ஜன்னல்கூடத் திறக்காமல் கிடந்திருக்கிறது. புறப்படும்போது டாக்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: பூஞ்சை இருக்கிற அறையில் அவங்களைப் படுக்க வைக்காதீங்க, அந்த நுரையீரல் தாங்காது. ஊதுவத்தி, சாம்பிராணி, பினாயில், வாசனை ஸ்பிரே, எதுவும் வேண்டாம்.

"சாம்பிராணி போட்டு மூடிடலாம்னாகூட முடியாதும்மா," என்றார் தனசேகரன். "நாத்தம் எதுனால வருதோ அத எடுக்கணும். எனக்கோ மூக்கில்ல. எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

திலகவதி அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கணக்கு எழுதுவதுதான் அவள் வேலை என்றாலும், லாரியில் வந்து இறங்கும் மூட்டையில் சந்தேகம் வந்தால் முதலாளியே அவளைக் கூப்பிடுவார். ஒரு கைப்பிடி அரிசியை முகத்தருகே கொண்டுபோய், இது மழையில் நனைந்து காய்ந்தது, இது பழைய சாக்கில் கட்டியது என்று அவள் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு அவள் சொன்னாள்:

"நான் மோந்து சொல்றேன். நீங்க வேலையப் பாருங்க. ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிடுறேன்."

அவள் நினைத்தது இரண்டு வாளித் தண்ணீர், ஒரு துடைப்பம், ஒரு மத்தியானம். அந்த மனிதர் வேலை செய்யும் விதத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

முதலில் காற்று. தனசேகரன் ஹாலின் பால்கனிக் கதவையும் சமையலறை ஜன்னலையும் திறந்தார். நடுவில் இருந்த அறைக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியே போனதும் திரைச்சீலைகள் உப்பின. சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளியே இழுக்க விட்டார். பீரோ, அலமாரி, டிராயர், சமையலறை மேடைக்கடியில் உள்ள கதவு, எல்லாவற்றையும் வாய் பிளக்க வைத்தார். சுவரோடு ஒட்டி நின்ற சாமான்களை ஒரு கை அகலம் முன்னால் நகர்த்தினார்.

"காலையில பனி இறங்குற நேரத்துல தொறக்கக் கூடாதும்மா, வெளிய இருக்கிற ஈரமும் உள்ள வந்துடும். வெயில் ஏறினப்புறம் தொறந்து, சாயங்காலம் மூடணும். எங்க சாயப் பட்டறையில நூல் காய வைக்கிறதுக்கும் இதே கணக்குதான்."

அவருக்குக் கொசப்பாளையத்துப் பக்கம் சாயப் பட்டறை இருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். இத்தனை மாதமும் அவர் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று ஓட ஆரம்பித்ததும் திலகவதி மூக்கை வேலைக்கு அனுப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஒன்றாக அடித்த நாற்றம் பிரிபிரியாகத் தெரிந்தது. குளியலறைப் பக்கம் சாக்கடை நாற்றம். சமையலறையில் புளித்துப்போன ஒன்று. மெத்தையிலும் திரையிலும் பழைய துணி மூட்டை வாசனை. அதற்கெல்லாம் அடியில், எங்கிருந்து என்று பிடிபடாத ஒரு ஈர மண் வாசனை.

"பாத்ரூம்ல டிரெயினேஜ் நாறுதுண்ணா. பைப்பு அடைச்சினு இருக்கோ என்னவோ?"

அவர் டார்ச் அடித்துத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குள் பார்த்தார். உள்ளே வளைந்த கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செத்த கரப்பான்பூச்சி ஒன்று மல்லாக்கக் கிடந்தது.

"அடைக்கலம்மா. காஞ்சிபோச்சு. இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கீழ இருந்து வர்ற காத்துக்கு மூடி. மாசக்கணக்குல யாரும் புழங்கலன்னா ஆவியாயிடும். சாக்கடைக்கு வழி தொறந்த மாதிரி."

குளியலறையின் தரை ஜாலி, வாஷ்பேசின், சமையலறை சிங்க், பால்கனியில் வாஷிங் மிஷின் தண்ணீர் போகும் ஓட்டை, எதையும் விடாமல் தண்ணீர் ஊற்றினார். ஃப்ளஷ் இழுத்தார். ஜாலிகளைக் கழற்றி அடியில் காய்ந்திருந்த வழுவழுப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் போய் மோந்து பார்த்தாள். சாக்கடை அடங்கியிருந்தது.

குழாய்களில் தேங்கியிருந்த தண்ணீரை அவர் அப்படியே பிடித்துப் புழங்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, பழுப்பு போய்த் தெளிவு வந்து, அதற்கு மேலும் ஓடவிட்டார். ஹீட்டரை நன்றாகச் சூடேற்றிய பிறகு ஷவரைத் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கதவைச் சாத்தி வெளியே வந்து நின்றார். மாசக்கணக்கில் குழாயில் நின்ற தண்ணீரின் ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். குடிதண்ணீர் மிஷினில் இருந்த பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கி மாட்டினார்.

சமையலறைப் புளிப்பு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. மகள் ஒருநாள் வந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மெயினை அணைத்துப் போயிருந்தாள். ஆனால் கதவை இறுக்கச் சாத்திவிட்டாள். கதவு ரப்பரின் மடிப்பு முழுக்கக் கறுப்புப் பூத்திருந்தது. தனசேகரன் தட்டுகளை உருவி வெளியே எடுத்துக் கழுவினார். உள்பக்கத்தைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்தார். பழைய டூத் பிரஷ்ஷால் ரப்பரின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் சின்னத் தட்டு ஒன்று இருப்பதே திலகவதிக்குத் தெரியாது. அதை உருவி அவர் நீட்டியபோது அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, இதான்! இதேதான்ணா!"

"அப்பிடியா?" என்று அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். தன் மூக்குக்குக் கொஞ்சமும் எட்டாத ஒரு எதிரியைக் கையில் பிடித்துவிட்ட சந்தோஷம் அது. அன்று முழுக்க ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்தார்.

அரை நாள் லீவு முழு நாளாயிற்று. மறுநாள் அவள் ஆபீசுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தாள். மெத்தையும் தலையணைகளும் மாடியில் வெயில் குடித்துவிட்டு இறங்கியிருந்தன. திரைகள் துவைத்துக் காய்ந்திருந்தன. சுபலட்சுமியின் பட்டுப்புடவைகளை மட்டும் அவர் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. ஹாலில் குறுக்கே கயிறு கட்டி, நிழலில், ஃபேன் காற்றில் விரித்துப் போட்டிருந்தார். காய்ந்ததும் பழைய மடிப்பில் மடிக்காமல் மடிப்பை மாற்றி மடித்தார். பழைய மடிப்பிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் ஜரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும் என்றார். பாச்சை உருண்டைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிக் கீழே கொண்டுபோய்விட்டார், அந்த நெடியும் சுபலட்சுமிக்கு ஆகாது என்று.

திலகவதி நின்று பார்த்தாள். இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து வீடு. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையில் இங்க் பொட்டுப்போலச் சாயப் புள்ளி இருக்கும், தலை குனிந்து படியிறங்கிப் போவார், அவ்வளவுதான் அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. இத்தனை பொறுமை இந்த ஆளிடம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. தன்னால் மோந்து பார்க்க முடியாத ஒரு வாசனைக்காக, அது போய்விட்டதா இல்லையா என்று கடைசிவரை தனக்குத் தெரியப்போவதே இல்லாத ஒன்றுக்காக, ஒரு மனிதன் முழங்கால் போட்டுத் தரை தேய்க்கிறான்.

"இப்ப எப்பிடி இருக்கு? உண்மையச் சொல்லு."

அவள் ஒவ்வொரு அறையாகப் போய் வந்தாள். "ஹால் நல்லா இருக்கு. கிச்சன் நல்லா இருக்கு. படுக்கிற ரூம்ல மட்டும் இன்னும் அந்த ஈர வாசனை போகலண்ணா."

இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலை இழுத்தார்கள். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, அதன்மேல் கரும்பச்சைப் புள்ளிகள் படர்ந்திருந்தன. பலகையின் பின்புறமும் அதேதான்.

தனசேகரன் உடனே துடைப்பத்தைத் தூக்கவில்லை. அவளை வெளியே நிற்கச் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டார். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் அது வீடு முழுக்கப் பறக்கும் என்பதால் முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்தார். துடைத்த துணிகளை மறுபடி அலசாமல் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார். ஜன்னல் பக்கம் டேபிள் ஃபேன் வைத்து, காற்று வெளியே போகிற மாதிரி திருப்பினார். எல்லாம் முடிந்ததும் புறங்கையைச் சுவரில் பல இடங்களில் வைத்து வைத்துப் பார்த்தார். நூல் காய்ந்ததா என்று பட்டறையில் அப்படித்தான் பார்ப்பாராம். உள்ளங்கை பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்றார்.

"மேல காஞ்சி இருக்கு. கீழ ஜில்லுனு இருக்கு. இது அடைச்சி வெச்சதால வந்த ஈரமா, உள்ள இருந்து வர்ற ஈரமா? அதத் தெரிஞ்சிக்காம வெள்ளையடிச்சா, மழைக்கு முன்னால திரும்ப வந்துடும்."

ஒரு பிளாஸ்டிக் தாளைக் கை அகலத்துக்கு வெட்டி, அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். தாளுக்கு வெளியே பனித்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம். தாளுக்கு உள்ளே பனித்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

மறுநாள் சாயங்காலம் தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

அன்றைக்குத் திலகவதியின் கணவன் ஹேமநாத் செய்யாறு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்தான். தாளைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"மேல் வீட்டு குப்புராஜ்தான். பாத்ரூம் இடிச்சிக் கட்டினாரு இல்ல? அன்னைக்கே சொன்னேன், வாட்டர் புரூஃப் பண்ணாம டைல்ஸ் ஒட்டுறாங்கன்னு. நோயாளி வர்ற வீடு, இன்னா பேஜார் பாருங்க. வாங்க, போய் கேட்டுடலாம்."

"இருப்பா, மெதுவா கேக்கலாம்," என்று தனசேகரன் சொல்லி முடிப்பதற்குள் ஹேமநாத் படியேறிவிட்டான். படிக்கட்டில் குப்புராஜின் குரலும் அவன் குரலும் மோதிக்கொள்வது கேட்டது. ரிட்டயர்டு வாத்தியாரான குப்புராஜ் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவரே கத்தினார். "என் வீட்டு பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு! எதுக்கு இல்லாத பழி போடுறீங்க?" தனசேகரன் பதறி மேலே ஓடினார்.

திலகவதி அந்த அறையில் தனியாக நின்றாள். சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலை உரிந்து தொங்கியது. அதை ஒட்டலாம் என்று குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ஃப்ரிட்ஜும் மெத்தையும் சாக்கடையும் போன பிறகு, அந்தச் சுவரின் வாசனை இப்போது தனியாகத் தெரிந்தது. மழைத் தண்ணீர் இப்படி இருக்காது. குளியலறைத் தண்ணீர் என்றால் குளிக்கிற சோப்பு வாசனை வரும். அவள் மண்டி போட்டு, தரையும் சுவரும் சேரும் இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாள். ஈரச் சுண்ணாம்பு. அதன் பின்னால் எலுமிச்சை வாசனைப் பாத்திர சோப்பு. அதற்கும் பின்னால் ஊசிப்போன பருப்புத் தண்ணீர், மஞ்சள், புளி.

தினமும் ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்துச் சிங்க்கைத் துடைக்கும்போது அவள் மூக்கில் ஏறும் அதே வாசனை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய சமையலறை.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சமையலறையை இடித்து மாற்றிக் கட்டினார்கள். ஜன்னலோரம் இருந்த சிங்க் இந்தச் சுவருக்கு வந்தது. பைப்பைச் சுவருக்குள் விட்டு, மேலே அவளே கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய டைல்ஸை ஒட்டினார்கள். வெளிர் பச்சை, ஓரத்தில் மாங்காய் கரை. வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் பக்கம் ஒரு சொட்டு ஈரம் தெரியாது. டைல்ஸ் அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அடைப்பில்லாத பக்கமாகப் போயிருக்கிறது.

மேலே சத்தம் ஓயவில்லை. அவள் எழுந்து நின்றாள். இது தெரிந்த ஒரே மூக்கு அவளுடையது. தனசேகரன் ஆயுசுக்கும் இந்தச் சுவரை மோந்துகொண்டே இருந்தாலும் அவருக்குத் தெரியாது. சும்மா இருந்தால் கொஞ்ச நாள் எல்லாரும் குப்புராஜைத் திட்டுவார்கள், அப்புறம் மேலே இடித்துப் பார்ப்பார்கள், ஒன்றும் கிடைக்காது, வெள்ளையடித்து மூடுவார்கள். சுபலட்சுமி வந்து இந்தக் கட்டிலில், இந்தச் சுவருக்குத் தலை வைத்துப் படுப்பாள்.

அந்த நினைப்பு வந்ததும் அவள் வேகமாகப் படியேறினாள்.

"எல்லாரும் நிறுத்துங்க. சார் வீட்டுத் தண்ணி இல்ல அது. எங்க வீட்டுச் சிங்க்குத் தண்ணி."

ஹேமநாத் திரும்பிப் பார்த்தான். "இன்னா ஒளர்ற?"

"ஒளரல. நான் தேய்ச்ச பாத்திரத்து வாசன எனக்குத் தெரியாதா?"

தனசேகரன்தான் முதலில் பேசினார். அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "இருக்கலாம்மா. ஈரம் கீழ இருந்துதான் மேல ஏறியிருக்கு, மேல இருந்து எறங்கல. சீலிங்கும் காஞ்சிதான் இருக்கு. ஆனா உன் வார்த்தைய மட்டும் வெச்சி உன் கிச்சன இடிக்க வேணாம். நிச்சயம் பண்ணிக்குவோம். காலையில வரைக்கும் சிங்க்குல தண்ணி ஊத்தாத."

காலையில் அவர் பட்டறைக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலமும் கொஞ்சம் வெள்ளைப் பட்டு நூலும் கொண்டுவந்தார். தன் படுக்கையறைச் சுவரில், தரையோரம், ஈரம் அதிகமாக இருந்த இடத்தில் உளியால் பூச்சைக் கொத்திச் சின்னக் குழி பறித்தார். வெள்ளை நூலை அதில் திணித்தார். பொட்டலத்தில் இருந்தது ராணி கலர் என்கிற அடர் ரோஜா நிறச் சாயம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் திலகவதியின் சிங்க்கில் ஊற்றச் சொன்னார். பின்னாலேயே இன்னும் இரண்டு வாளி நல்ல தண்ணீர்.

"பட்டுக்கு இந்தச் சாயத்த விட்டா போதும்மா, பிடிச்சிக்கும். துளி வந்தாலும் காட்டிடும்."

குப்புராஜும் இறங்கி வந்திருந்தார். நாலு பேரும் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். திலகவதி டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ குடித்து முடித்து, ஹேமநாத் பொறுமையிழந்து எழுந்து நடக்க ஆரம்பித்த நேரத்தில், வெள்ளை நூலின் அடியில் ஒரு இழை லேசாகச் சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு பக்கத்து இழைக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் கல்யாணப் புடவைக் கரைபோல அந்த நூல் முழுக்க ராணி நிறமாகிவிட்டது.

"என்ன ஒரு கண்டுபிடிப்புய்யா!" என்றார் குப்புராஜ், தன்மேல் போட்ட பழியெல்லாம் மறந்து.

ஹேமநாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், மன்னிச்சிடுங்க. அவசரப்பட்டுட்டேன்."

"விடுப்பா. டைல்ஸ் போச்சேன்னு உன் வீட்டுக்காரி மூஞ்சியப் பாரு, அதுவே உனக்குத் தண்டன."

திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிளம்பர் சின்னதுரை வந்து தட்டித் தட்டிப் பார்த்து, நாலு டைல்ஸ் மட்டும் உடையும்படி திறந்தான். உள்ளே பைப் வளையும் இடத்தில், மூட்டுக்குப் பசையே போடாமல் சும்மா சொருகிவிட்டுப் பூசியிருந்தார்கள். சிங்க்கில் ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் கீழே போக, கொஞ்சம் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அந்த வளைவை மாற்றி, பசை போட்டு ஒட்டி, காயவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரே அடியாகத் திறந்துவிட்டுப் பார்த்தான். கசியவில்லை. ஆனாலும் சுவரை உடனே மூட வேண்டாம், சில நாள் திறந்தே கிடக்கட்டும் என்றான்.

"அப்ப வெள்ளிக்கிழம அண்ணிய கூட்டினு வந்துடலாமா?" என்று திலகவதி ஆசையாகக் கேட்டாள்.

தனசேகரன் தலையை ஆட்டினார். "தண்ணி நின்னுச்சு, ஈரம் நிக்கலயேம்மா. ஒரு வருஷம் குடிச்ச சுவரு. வாரக்கணக்காவும்." போனை எடுத்து மனைவியிடமே பேசினார். அவர் பேசியது மட்டும் திலகவதிக்குக் கேட்டது. "இல்லம்மா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல எனக்கு... ஆமா, சாப்புட்டேன்... வீடு இன்னும் ஒனக்கு ரெடியாகல. அரைகுறையா கூட்டினு வர மாட்டேன்... மாசி பொறக்கட்டும்."

உப்பிப்போன பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். செங்கல் தெரிந்தது. அறைக் கதவின் அடிச் சந்தில் துணி செருகி, ஜன்னலைத் திறந்து வைத்து, பகலெல்லாம் டேபிள் ஃபேன் ஓடியது. பூஞ்சை ஏறிய தலைமாட்டுப் பலகையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் துடைத்து மாடியில் காயவைத்தார். ஈரம் ஊறிப்போன கட்டில் அடிப்பலகையைக் காப்பாற்ற முடியாது என்று தூக்கிப் போட்டார். இடையிடையே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தார். முதலில் முத்து முத்தாகக் கோத்த நீர், பிறகு புகைபோல மங்கியது, பிறகு ஒரு ஓரத்தில் மட்டும் தெரிந்தது. அவசரமாகப் பூசிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னபோதும் அவர் மசியவில்லை. ஒருநாள் தாள் உள்ளும் புறமும் காய்ந்து கண்ணாடிபோல நின்றது. அதற்குப் பிறகுதான் பூச்சு. பூச்சும் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு.

அந்த நாட்களில் திலகவதியின் சமையலறை பாதி திறந்து கிடந்ததால், அவள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தனசேகரன் வீட்டுச் சிங்க்குக்கு வந்துவிடுவாள். உலையும் அங்கேயே வைத்தாள். அவள் குழம்பு கூட்டுவதைச் சுவை மட்டும் பார்த்து, "உப்பு சரி, புளி கொஞ்சம் தூக்கல்" என்று அவர் சொல்வார். ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"அன்னைக்கு நான் வாயத் தொறக்கலன்னா, எங்க வீட்டுத் தண்ணின்னு நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களாண்ணா?"

அவர் யோசித்தார். "சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு தாள் பாத்தப்பவே தோணுச்சும்மா. ஆனா நீ மூணு நாளா என் வீட்ல கால் கடுக்க நின்னுகினு இருந்த. எந்த வாயால கேக்கறது? இன்னும் நல்லா நிச்சயமானப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். நீயே ஓடியாந்து சொல்லிட்ட. எனக்கு மூக்கு இல்லாதது அன்னைக்கு ஒண்ணும் குறையாத் தெரியல."

திலகவதி அடுப்பைத் தணித்தாள். கரண்டியைக் கழுவி வைத்தாள்.

மாசி முதல் வாரம் சுபலட்சுமி வந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டிடம். ஒவ்வொரு படி திருப்பத்திலும் குப்புராஜ் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பாதியாக இளைத்திருந்தாள். கண் மட்டும் பழையபடி துறுதுறுவென்று இருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வந்து, நடு ஹாலில் நின்றாள். தனசேகரன் அவள் முகத்தையே பார்த்தார். திலகவதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

சுபலட்சுமி மெதுவாக, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மூக்கால் இழுத்து வாயால் விட்டாள். இன்னொரு தடவை.

"இன்னாங்க, வீட்ல எந்த வாசனையுமே இல்லையே?"

அவர் கலங்கிப்போய்த் திலகவதியைத் திரும்பிப் பார்த்தார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆமாண்ணி," என்றாள் திலகவதி. "அதுக்குத்தான் இத்தன நாளு ஆச்சு."

சுபலட்சுமி படுக்கையறைக்குப் போனாள். சமையலறைக்குப் போனாள். டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் குரலில் பழைய காரம் வந்திருந்தது.

"பெருங்காயத்த யாரு மேல் தட்டுல வெச்சது? எனக்கு எட்டுமா அது? கட்டில வேற செவுத்த வுட்டு இவ்ளோ தூரம் தள்ளிப் போட்டிருக்கீங்க, நடுவுல யாரு படுக்கிறது?"

"காத்து போவணும்மா," என்றார் தனசேகரன்.

"காத்து போவட்டும். பெருங்காயத்த எறக்குங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். திலகவதி பால்கனிக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.